முதல் வகுப்பு வாசிப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை: நீள்கால கோஹார்ட் ஆய்வைத் திட்டமிடுவது எப்படி?

முதல் வகுப்பில் ஒரு குழந்தை எவ்வளவு வாசிக்கிறது என்பது அதன் பின்னாள் படிப்பை எந்த அளவுக்குத் தீர்மானிக்கிறது என்ற கேள்விக்கு, ஒரே மாதத்தில் ஐந்து வகுப்புகளுக்கும் சோதனை வைத்து விடை காண முடியாது. 2005 முதல் இந்தியாவில் வீடு வீடாக நடத்தப்படும் அசர் கணக்கெடுப்பு, எந்த வகுப்பில் எத்தனை பேர் எந்த நிலையில் வாசிக்கிறார்கள் என்பதைக் காட்டுகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் அதில் வருபவர்கள் வேறு குழந்தைகள். முதல் வகுப்பில் பின்தங்கியிருந்தவர்தாம் ஐந்தாம் வகுப்பிலும் பின்தங்கியிருக்கிறாரா என்று அறிய வேண்டுமானால், அதே குழந்தைகளை ஆண்டுதோறும் தேடிச் சென்று அளக்க வேண்டும். அதற்குப் பெயர்தான் நீள்கால கோஹார்ட் ஆய்வு.

இந்தத் துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது கோனி ஜுயல் 1988-இல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவில் ஒரே தொடக்கப் பள்ளியைச் சேர்ந்த 54 குழந்தைகளை முதல் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்புவரை அவர் பின்தொடர்ந்தார். முதல் வகுப்பின் முடிவில் வாசிப்பில் பலவீனமாக இருந்த குழந்தை நான்காம் வகுப்பின் முடிவிலும் அப்படியே இருப்பதற்கான நிகழ்தகவு 0.88 என்று கண்டார். இந்த எண்ணைப் பலர் விதியைப் போல எடுத்துச் சொல்கிறார்கள். அது ஒரே பள்ளியில், நான்கு ஆண்டுகளும் அங்கேயே தங்கிய குழந்தைகளிடம் கிடைத்த எண் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இடையில் போனவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்ற கேள்வியே இக்கட்டுரையின் பெரும்பகுதி. புதிதாகத் தொடங்குபவர்கள் சோதனைத்தாளைப் பற்றி நிறைய யோசிக்கிறார்கள். பள்ளியை விட்டுப் போகும் குழந்தையைப் பற்றி இரண்டாம் ஆண்டில்தான் யோசிக்கிறார்கள். அப்போது காலம் கடந்திருக்கும்.

தமிழ்நாட்டில் ஓர் ஒன்றியத்தின் அரசுப் பள்ளிகளில் ஜூன் மாதம் முதல் வகுப்பில் சேரும் குழந்தைகளை ஐந்தாம் வகுப்பு முடியும்வரை பின்தொடர்வதாக வைத்துக்கொண்டு, படிப்படியாகப் பார்ப்போம். இதில் வரும் குழந்தைகளின் எண்ணிக்கையும் மதிப்பெண்களும் கணக்கைக் காட்டுவதற்காக நான் வைத்துக்கொண்டவை. எந்த ஆய்விலிருந்தும் எடுத்தவை அல்ல.

முதல் படி: யாரைச் சேர்ப்பது, எத்தனை பேரை

சோதனை நாளன்று வகுப்பில் இருந்தவர்கள் மட்டுமே உங்கள் கோஹார்ட், அதாவது நீங்கள் பின்தொடரும் குழு, அல்லர். சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் உள்ள எல்லோரும்தான் கோஹார்ட். இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றினாலும், அடிக்கடி விடுப்பெடுக்கும் குழந்தைதான் வாசிப்பில் பின்தங்கும் வாய்ப்பு மிகுந்த குழந்தை. அதைத் தொடக்கத்திலேயே விட்டுவிட்டால் பின்னால் எந்தக் கணக்காலும் மீட்க முடியாது. ஆகவே ஒவ்வொரு பள்ளிக்கும் முதல் வருகைக்குப் பிறகு மூன்று வாரங்களுக்குள் இன்னும் இரண்டு வருகைகளையாவது திட்டத்திலேயே எழுதி வையுங்கள்.

எண்ணிக்கையைக் கடைசிச் சுற்றிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். தொடக்க வாசிப்புக்கும் ஐந்தாம் வகுப்புத் தேர்ச்சிக்கும் இடையே, குடும்பப் பின்னணி முதலியவற்றைக் கழித்த பிறகு எஞ்சும் ஒட்டுறவு, அதாவது இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கும் அளவு, 0.2 அளவில் இருந்தாலும் அதைக் கண்டுபிடிக்க விரும்புகிறோம் என்று கொள்வோம். உண்மையில் உள்ள தொடர்பைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு 80 விழுக்காடு, இல்லாத தொடர்பை இருப்பதாகக் கொள்ளும் பிழை 5 விழுக்காடு என்ற வழக்கமான வரம்புகளுடன் அதற்குச் சுமார் 195 குழந்தைகள் தேவை. ஒரே பள்ளிக் குழந்தைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பதால் இதை ஒன்றரை மடங்காக்கி, ஏறத்தாழ 300 என்று வைத்துக்கொள்ளலாம். இந்த ஒன்றரை என்பது ஓர் ஊகமே; உங்கள் பகுதியில் பழைய தரவு இருந்தால் அதிலிருந்து கணக்கிட்டு மாற்றிக்கொள்ளுங்கள். பள்ளி மாற்றங்கள் பெரும்பாலும் கோடை விடுமுறையில் நிகழ்வதால், ஐந்தாம் வகுப்புக்குள் நான்கு கோடைகளைக் கடக்க வேண்டும். ஒவ்வொரு கோடையிலும் 8 விழுக்காட்டினரை இழப்பதாகக் கொண்டால், கடைசியில் எஞ்சுவோர் 0.92-ஐ நான்கு முறை பெருக்கி வரும் 0.716 பங்கு. 300-ஐ அதனால் வகுத்தால் சுமார் 420. ஒரு பள்ளிக்குச் சராசரியாக 15 பேர் என்றால் 28 பள்ளிகள் வேண்டும்.

இரண்டாம் படி: முதல் சுற்றில் எதை அளப்பது

முதல் வகுப்பின் தொடக்கத்தில் ஒரு பத்தியைக் கொடுத்து ஒரு நிமிடத்தில் எத்தனை சொற்கள் வாசிக்கிறது என்று பார்த்தால், பெரும்பாலான குழந்தைகளின் மதிப்பெண் பூஜ்ஜியமாகவே இருக்கும். எல்லோரும் பூஜ்ஜியத்தில் முடங்கினால் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் உள்ள வேறுபாடு தெரியாது. வேறுபாடு இல்லாத இடத்தில் முன்கணிப்பும் இல்லை. முன்னோட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பூஜ்ஜியம் வாங்கினாலே அந்தச் சோதனை இந்த வயதுக்குக் கடினமானது என்று கொள்ளுங்கள்.

எனவே முதல் சுற்றுக்கு எழுத்தறிவே சரியான அளவை. தமிழில் இது ஆங்கிலத்தின் 26 எழுத்துகளைப் போல ஓராண்டில் முடிந்துவிடுவதன்று. 247 எழுத்துகளில் 216 உயிர்மெய். ஒரு குழந்தை ‘க’வை அறிந்தும் ‘கூ’வில் தடுமாறலாம், ‘கு’வை அறிந்தும் ‘து’வில் தடுமாறலாம், ஏனென்றால் உகரக் குறி எழுத்துக்கெழுத்து வடிவம் மாறுகிறது. ஆகவே 50 எழுத்துகள் கொண்ட பட்டியலில் உயிர், அகர உயிர்மெய், குறி ஏறிய உயிர்மெய், மெய் என்று எல்லா வகையும் கலந்திருக்க வேண்டும். வரிசையைக் கலைத்துத் தர வேண்டும். இல்லையேல் குழந்தை மனப்பாடமாக ‘க கா கி கீ’ என்று ஒப்பித்துவிடும், நீங்கள் வாசிப்பு என்று எழுதிக்கொள்வீர்கள்.

எழுத்தறிவோடு, சொல்லின் முதல் அசையை நீக்கிச் சொல்லச் செய்வது போன்ற ஒலி உணர்வுப் பயிற்சி ஒன்றும், ஒரு சிறுகதையைக் கேட்டுக் கேள்விக்கு விடை சொல்லும் பகுதி ஒன்றும் போதும். மொத்தம் இருபது நிமிடத்தைத் தாண்டினால் ஐந்து வயதுக் குழந்தை களைத்துவிடும். கடைசிப் பகுதியின் மதிப்பெண் அறிவை அளக்காமல் களைப்பை அளக்கும்.

பள்ளி திறந்த முதல் இரண்டு வாரங்களில் போகாதீர்கள். சேர்க்கை அப்போதும் நடந்துகொண்டிருக்கும். பல குழந்தைகள் அழுதுகொண்டிருக்கும். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவுக்குள் 28 பள்ளிகளையும் முடித்துவிடுவது நல்லது. சோதனைத் தேதியைக் குழந்தைவாரியாகப் பதியுங்கள். இந்த வயதில் நான்கு வாரக் கற்பித்தலே மதிப்பெண்ணை மாற்றிவிடும்.

மதிப்பிடுவதில் ஒரு நுட்பத்தை முன்கூட்டியே முடிவுசெய்தாக வேண்டும். தென்மாவட்டக் குழந்தை ‘மழை’ என்ற சொல்லைப் பார்த்து ‘மள’ என்று வாசித்தால் அது தவறா? எழுத்தைச் சரியாக அறிந்து, தன் வீட்டுப் பேச்சில் ஒலித்திருக்கிறது. ஆகவே சரி என்றே எழுத வேண்டும். ஒரு மதிப்பீட்டாளர் இதைத் தவறு என்றும் இன்னொருவர் சரி என்றும் போட்டால், உங்கள் தரவில் வாசிப்பு வேறுபாடாகத் தெரிவது உண்மையில் மதிப்பீட்டாளர் வேறுபாடு. பத்தில் ஒரு குழந்தையின் ஒலிப்பதிவை வேறொருவரிடம் கொடுத்து மீண்டும் மதிப்பிடச் சொல்லுங்கள். இருவர் மதிப்பெண்களும் அடிக்கடி மூன்று நான்கு எழுத்துகள் விலகினால், களப்பணியை நிறுத்திப் பயிற்சியை மீண்டும் நடத்த வேண்டும்.

மூன்றாம் படி: வாசிப்போடு வேறு எதையெல்லாம் அளக்க வேண்டும்

கிரெக் டங்கனும் அவருடைய குழுவினரும் ஆறு நீள்கால ஆய்வுகளின் தரவை ஒன்றாக ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட கட்டுரை இங்கே பெரிய பாடம். பள்ளியில் சேரும் வயதில் உள்ள திறன்களில் பின்னாள் தேர்ச்சியை மிக வலுவாக முன்கணித்தது கணிதம், அதற்கடுத்து வாசிப்பு, அதற்கடுத்து கவனம் செலுத்தும் திறன். முதல் சுற்றில் எண்ணறிவையும் கவனத்தையும் அளக்காமல் விட்டால், அவற்றுக்குரிய பங்கும் வாசிப்பின் கணக்கில் சேர்ந்துவிடும். பின்னால் யாராவது கேட்டால் சொல்ல உங்களிடம் ஒன்றும் இருக்காது. முதல் வகுப்புத் தொடக்கத்தின் எண்ணறிவை மூன்றாம் வகுப்பில் போய் அளக்க முடியாது.

வீட்டில் கேட்க வேண்டியவை குறைவு: தாய் எத்தனை வகுப்பு படித்தார், வீட்டில் எந்த மொழி பேசுகிறார்கள், குழந்தை அங்கன்வாடிக்கோ நர்சரிக்கோ சென்றதா, பிறந்த மாதம் என்ன. கடைசிக் கேள்வியை அலட்சியம் செய்யாதீர்கள். ஒரே வகுப்பில் பதினோரு மாத வயது வேறுபாடு இருக்கக்கூடும். ஐந்து வயதில் அது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு வாழ்நாள்.

நான்காம் படி: அடுத்தடுத்த சுற்றுகளில் அளவையை மாற்றுவது

முதல் வகுப்பு முடியும் மார்ச் மாதத்திலும், பிறகு ஒவ்வோர் ஆண்டும் மார்ச்சிலும் சுற்று வையுங்கள். எழுத்துப் பட்டியல் சில ஆண்டுகளில் பயனற்றுப்போகும், ஏனென்றால் ஏறத்தாழ எல்லோரும் எல்லாவற்றையும் அறிந்திருப்பார்கள். எழுத்தறிவுக்கும் தேர்ச்சிக்கும் இடையேயான ஒட்டுறவு அப்போது சரிந்துவிடும். அதை ‘எழுத்தறிவின் தாக்கம் குறைந்துவிட்டது’ என்று எழுதுவது தவறு. எல்லோரும் எட்டிவிடக்கூடிய திறனில் பரவல் மறைந்ததே காரணம். சொற்களஞ்சியமும் புரிதலும் அப்படி முடிந்துவிடுவன அல்ல. அவற்றை எல்லாச் சுற்றிலும் வைத்திருங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் புதிய பத்தி கொடுக்கும்போது, குழந்தை முன்னேறியதா பத்தி எளிதானதா என்று பிரித்தறிய வழி வேண்டும். இதற்கு எளிய முறை, சென்ற ஆண்டின் பத்தியையும் இவ்வாண்டின் பத்தியையும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பகுதிக் குழந்தைகளுக்குச் சேர்த்தே கொடுப்பது. யாருக்கு முதலில் எது என்பதைக் குலுக்கலில் முடிவுசெய்யுங்கள். இரண்டையும் வாசித்தவர்களின் மதிப்பெண்களை வைத்து ஒன்றை இன்னொன்றின் அளவுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: போகிறவர்களைப் பின்தொடர்வது

சேர்க்கும் நாளிலேயே பெற்றோரின் அலைபேசி எண்ணோடு, ஊரை விட்டுப் போகாத ஓர் உறவினரின் எண்ணையும் வாங்குங்கள். பெரும்பாலும் பாட்டி அல்லது தாய்மாமன். குடும்பத்தின் சிம் கார்டு ஆண்டுக்கொரு முறை மாறினாலும் பாட்டி அதே வீட்டில் இருப்பார். தமிழ்நாட்டில் கல்வித்துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் எமிஸ் எண் குழந்தையோடு பள்ளிக்குப் பள்ளி செல்கிறது. தனியார் பள்ளிக்கு மாறினாலும் தொடர்கிறது. ஆனால் அதைக் கல்வித்துறையின் அனுமதியோடுதான் பயன்படுத்த முடியும். அந்த அனுமதிக்கு முதல் சுற்றுக்கு முன்பே விண்ணப்பியுங்கள். அண்டை மாநிலத்துக்குப் போன குழந்தைக்கு அதுவும் உதவாது. பாட்டியின் எண்தான் வழி.

எல்லோரையும் தேடிப் போகப் பணம் போதாமல் போகலாம். அமெரிக்காவில் 1998-இல் சுமார் 21,000 மழலையர் வகுப்புக் குழந்தைகளோடு தொடங்கிய தேசிய ஆய்வும் இதை எதிர்கொண்டது. பள்ளி மாறியவர்களில் ஒரு பகுதியைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, அவர்களை மட்டும் தேடிச் சென்றார்கள். எளிதில் கிடைத்தவர்களை மட்டும் சேர்த்துக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல், ஏனென்றால் குலுக்கலில் வந்தவர்கள் போனவர்கள் எல்லோருக்கும் பதிலாக நிற்க முடியும்.

இனி, இழப்பு உங்கள் முடிவைக் கெடுத்ததா என்று எப்படி அறிவது? வழக்கமான அறிவுரை, தங்கியவர்களின் முதல் சுற்று மதிப்பெண்ணையும் போனவர்களுடையதையும் ஒப்பிடு என்பது. நம் 420 பேரில் முதல் கோடையில் 34 பேர் போய்விட்டதாகக் கொள்வோம். தங்கியவர்களின் எழுத்து மதிப்பெண் சராசரி 50-க்கு 22. போனவர்களின் சராசரி 22.5. வேறுபாடே இல்லை என்று நிம்மதியடையத் தோன்றும். இப்போது அவர்கள் போன காரணத்தைப் பாருங்கள். 18 பேர் ஆங்கிலவழித் தனியார் பள்ளிக்கு மாறினார்கள். அவர்களின் சராசரி 31. மற்ற 16 பேர் பெற்றோரோடு செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போனார்கள். அவர்களின் சராசரி 13. இரண்டும் கூடி ஒன்றையொன்று மறைத்துவிட்டன. உண்மையில் உங்கள் கோஹார்ட் நன்றாக வாசிப்பவர்களையும் மிகவும் பின்தங்கியவர்களையும் ஒருசேர இழந்துகொண்டிருக்கிறது. எஞ்சுவோர் நடுவில் உள்ளவர்கள். நடுவில் மட்டும் உள்ளவர்களிடம் அளந்தால் தொடக்க வாசிப்புக்கும் பின்னாள் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு உண்மையைவிடச் சிறியதாகத் தெரியும்.

எனவே விலகல் பதிவேட்டில் ‘மாற்றுச் சான்றிதழ் பெற்றார்’ என்று மட்டும் எழுதி வைக்காதீர்கள். எங்கே போனார், ஏன் போனார், யார் சொன்னது என்று மூன்று கட்டங்கள் வேண்டும். காரணவாரியான இந்தப் பதிவு இருந்தால், போனவர்களைப் போன்ற பின்னணியுடன் தங்கியிருப்பவர்களுக்குக் கூடுதல் எடை கொடுத்துக் கணக்கைச் சரிசெய்யலாம். ஆனால் சூளைக்குப் போன குடும்பங்களின் குழந்தைகளில் ஒருவரும் எஞ்சவில்லை என்றால், எடை கொடுக்கவும் ஆளில்லை. புள்ளியியல் முறைகளை விடப் பாட்டியின் அலைபேசி எண்ணே பெரிது என்று நான் நம்புவது இதனால்தான்.

ஆறாம் படி: ‘பள்ளித் தேர்ச்சி’ என்பதை எதைக் கொண்டு அளப்பது

எட்டாம் வகுப்புவரை யாரையும் நிறுத்திவைக்காத மாநிலத்தில், வகுப்பில் தேங்குதல் என்பது தேர்ச்சியின் அளவையாகாது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை மட்டும் நம்புவதும் ஆபத்து. கொரோனாவால் 2020, 2021 ஆண்டுகளில் தமிழ்நாட்டில் அத்தேர்வு முறையாக நடக்காமல் எல்லோரும் தேர்ச்சி என்று அறிவிக்கப்பட்டது. பத்தாண்டு பின்தொடர்ந்து அம்மதிப்பெண்ணுக்காகக் காத்திருந்த எவருக்கும் கடைசியில் ஒப்பிடத்தக்க எண் கிடைத்திருக்காது. ஆகவே ஐந்தாம் வகுப்பு மார்ச்சில் நீங்களே நடத்தும் வாசிப்புப் புரிதல், வாக்கியக் கணக்குகள் ஆகிய இரு சோதனைகளை முதன்மை அளவையாக வைத்து, பொதுத்தேர்வைக் கூடுதலாகக் கொள்ளுங்கள்.

இதே காரணத்தால் ஒரே கோஹார்ட்டின் முடிவை எல்லாக் காலத்துக்கும் உரியதாகச் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் 2022-இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அதற்கு முன் சேர்ந்தவர்களும் பின் சேர்ந்தவர்களும் வேறு வகையில் எழுத்துக் கற்றார்கள். வசதி இருந்தால் இரண்டு ஆண்டு இடைவெளியில் இரண்டாவது கோஹார்ட் ஒன்றையும் தொடங்குங்கள். குழந்தைகளை நீண்ட காலம் பின்தொடரும் யங் லைவ்ஸ் ஆய்வு அன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் 2002-இல் ஒரு வயதினர், எட்டு வயதினர் என இரு குழுக்களை ஒரே நேரத்தில் தொடங்கியதால், ஒரே வயதை இரு வேறு காலங்களில் ஒப்பிட முடிந்தது.

ஏழாம் படி: கணக்கிடுவது

பகுப்பாய்வுத் திட்டத்தை ஐந்தாம் வகுப்புச் சோதனைக்கு முன்பே எழுதித் தேதியிட்டு வைத்துவிடுங்கள். அடிப்படைக் கணக்கு இவ்வளவுதான். ஆர் மென்பொருளில் `lme4` தொகுப்பைக் கொண்டு இப்படி எழுதலாம்:

```
lmer(read5 ~ letters1 + math1 + attention1 + listen1 +
     age_months + mother_edu + (1 | school1), data = d)
```

இதில் `read5` ஐந்தாம் வகுப்பு வாசிப்பு மதிப்பெண்; `letters1`, `math1`, `attention1`, `listen1` ஆகியவை முதல் சுற்றின் எழுத்தறிவு, எண்ணறிவு, கவனம், கதை கேட்டல் மதிப்பெண்கள்; `age_months`, `mother_edu` வயதும் தாயின் படிப்பும். `school1` என்பது குழந்தை சேர்ந்த முதல் பள்ளி. இப்போது படிக்கும் பள்ளியைப் போட்டால், பள்ளி மாறியதே வாசிப்பின் விளைவாக இருக்கக்கூடும் என்பதால் கணக்கு குழம்பும்.

பின்தங்கியவர்கள் என்று ஒரு குழுவைப் பிரித்து அவர்களின் முன்னேற்றத்தைக் காட்டும்போது ஒரு பொறி காத்திருக்கிறது. ஒரு நாள் சோதனையில் மிகக் குறைவாக வாங்கியவர்களில் சிலர் அன்று காய்ச்சலிலோ பயத்திலோ இருந்தவர்கள். அடுத்த சுற்றில் அவர்கள் தாமாகவே மேலே வருவார்கள். அது கற்றதால் வந்த ஏற்றம் அன்று. இதைத் தவிர்க்க, முதல் சுற்றில் கடைசிக் கால் பங்கில் வந்தவர்களை இரண்டு வாரத்தில் மீண்டும் சோதியுங்கள். குழுவில் சேர்ப்பதற்கு முதல் மதிப்பெண்ணையும், முன்னேற்றத்தின் தொடக்கப் புள்ளியாக இரண்டாம் மதிப்பெண்ணையும் கொள்ளுங்கள்.

எழுத்தே அறியாமல் இரண்டாம் வகுப்பை முடிக்கும் குழந்தையைக் கண்டால் என்ன செய்வது என்பதையும் திட்டத்திலேயே எழுதுங்கள். ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் சொல்ல வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. சொன்னால் அக்குழந்தையின் பாதை மாறக்கூடும். ஆய்வின் தூய்மை சற்றுக் குறையும். அதைக் குறைவாக எண்ணாமல், யாருக்கு எப்போது சொன்னோம் என்பதைத் தரவில் ஒரு கட்டமாகப் பதிந்து கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். பெற்றோரிடம் ஒப்புதல் வாங்கும் படிவத்திலேயே இதைச் சொல்லிவிடுவது நல்லது.

ஐந்தாம் வகுப்புக்குப் பிறகும் ஆய்வைத் தொடர நினைத்தால், கடைசிச் சுற்றை ஏப்ரலுக்குத் தள்ளாதீர்கள். தொடக்கப் பள்ளியிலிருந்து ஆறாம் வகுப்புக்குப் போகும்போது 28 பள்ளிக் குழந்தைகளும் ஒரே மாதத்தில் சிதறிவிடுவார்கள். நான்கு கோடைகளில் இழந்ததைவிட அந்த ஒரு கோடையில் அதிகம் இழக்கக்கூடும். மார்ச் சுற்றின்போதே ஒவ்வொரு பெற்றோரிடமும் எந்தப் பள்ளியில் சேர்க்கப் போகிறீர்கள் என்று கேட்டு எழுதி, ஒப்புதலைப் புதுப்பித்து, ஜூலையில் அந்தப் பள்ளித் தலைமையாசிரியரிடம் பட்டியலோடு போய்ச் சரிபாருங்கள்.